பெட்டி 14 கிலோதான், விமானத்தில் இரண்டு இருக்கை காலி. அப்படியும் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?

வழிப்போக்கன்
சிறிய புரொப்பெல்லர் விமானங்களில் அடிக்கடி போகிறவர்கள் யாராவது சொல்லுங்கள். போன வாரம் ஏடிஆர் 72-600 ஒன்றில் ஒரு சின்ன விமான நிலையத்திலிருந்து கிளம்பினேன். பயண நேரம் ஒரு மணிக்கும் குறைவு, கிளம்பியது பிற்பகல் மூன்றரைக்கு. என் செக்-இன் பெட்டி 14 கிலோ, அனுமதி 15. கைப்பை 8.4 கிலோ இருந்தது. 7 தான் அனுமதி என்று கெடுபிடி செய்து அதையும் வாங்கி உள்ளே போட்டுவிட்டார்கள்.

இறங்கியபின் பெல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, என் பெட்டி வரவில்லை. என்னோடு சேர்த்து 18 பேருக்கு வரவில்லை. கேட்டால் "லோடு லிமிட் சார், நாளைக்கு வந்துவிடும்" என்றார்கள். விமானத்தில் 66 பேர்தான் இருந்தோம், இரண்டு இருக்கை காலி. அதே விமானம் அன்று காலை இன்னும் இரண்டு பேரோடு, ஒரு பெட்டி விடாமல் போயிருக்கிறது. காலையில் தூக்க முடிந்தது மாலையில் ஏன் முடியவில்லை? எனக்குப் புரியாதது அது ஒன்றுதான்.

பெட்டிகட்டி
கூடுதல் எடைக்கு கவுண்டரில் கட்டாதீர்கள், இணையத்தில் முன்பே கட்டினால் குறைவு. கனமான ஷூவையும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு போங்கள். ஜாக்கெட் பாக்கெட்டில் சார்ஜர், பவர்பேங்க், புத்தகம் எல்லாம் வைத்துவிடலாம். நான் இப்படி மூன்று கிலோ மிச்சம் பிடிப்பேன், யாரும் கேட்டதில்லை.

வழிப்போக்கன்
பெட்டிகட்டி, என் பெட்டி அனுமதிக்கு உள்ளேதான் இருந்தது. கூடுதல் கட்டணம் பற்றி நான் கேட்கவே இல்லையே.

விசிறி
இதெல்லாம் சின்ன விமானம் சார், ஜெட் மாதிரி பலம் கிடையாது. மேலே உள்ள பெட்டகமும் சிறுசு, அதனால்தான் கைப்பைக்கு 7 கிலோ. வெயில் நேரத்தில் காற்று லேசாகிவிடும், புரொப்பெல்லருக்குப் பிடிமானம் கிடைக்காது. அதனால் பிற்பகலில் எடை குறைப்பார்கள். ஜெட்டில் இந்தப் பிரச்சினையே கிடையாது.

லோடுஷீட்
விசிறி தம்பி பாதி சரியாகச் சொன்னார், மீதிப் பாதியை நான் திருத்துகிறேன். பதினோரு வருஷம் இந்த வகை விமானங்களுக்கு எடைக் கணக்குப் போட்டவன் நான். வெயிலில் காற்று லேசாகும் என்பது உண்மை. ஆனால் அது ஜெட்டுக்கும் அப்படியே பொருந்தும். இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினுக்கு உந்துவிசையும் குறையும். ஜெட் பொதுவாக நீளமான ரன்வேயிலிருந்து கிளம்புவதால் உங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஏடிஆர் போகிற இடங்களில் ரன்வே குட்டை, ஓடுதள முனையில் குன்றோ மரங்களோ இருக்கும். அங்கேதான் எடை இடிக்கும்.

வழிப்போக்கன் சார், உங்கள் விமானத்தின் தாள்களை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்து அன்றைக்கு எப்படி நடந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியும். இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: போய்ச் சேர்ந்த ஊரில் அன்று மழை மேகம் இருந்ததா?

வழிப்போக்கன்
கிளம்பிய இடத்தில் சுள்ளென்று வெயில். இறங்கும்போது கொஞ்சம் குலுக்கல் இருந்தது, ஆனால் தரை காய்ந்துதான் இருந்தது. மழை பெய்யவில்லை.

லோடுஷீட்
பெய்யவில்லை என்பது நீங்கள் இறங்கியபின் தெரிந்தது. கிளம்பும் முன் கையில் இருந்தது முன்னறிவிப்பு மட்டும்தான். அதில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் போதும்:

```
TEMPO 0910/0913 VRB20G35KT 2000 TSRA BKN012 SCT025CB
```

9-ஆம் தேதி, உலக நேரம் 10 முதல் 13 மணிக்குள், அதாவது நம் நேரத்துக்குப் பிற்பகல் மூன்றரை முதல் ஆறரைக்குள், அவ்வப்போது இடியோடு மழை, பார்வைத் தூரம் 2000 மீட்டர், காற்று 35 நாட் வரை வீசியடிக்கும் என்று அர்த்தம். இந்த ஒரு வரிதான் உங்கள் பெட்டியை இறக்கியிருக்கும் என்பது என் சந்தேகம்.

கணக்குக்கு வருகிறேன். எண்களை எளிதாக்கியிருக்கிறேன், ஆனால் ஏடிஆர் 72-க்கு நியாயமானவைதான். இந்த விமானம் அதிகபட்சம் 23,000 கிலோவோடு மேலே எழும்பலாம் என்று தயாரிப்பாளர் சொல்வார். அது நல்ல ரன்வேயில், நல்ல காற்றில். உங்கள் ரன்வேக்கு, 34 டிகிரி வெயிலுக்கு, 21,400 தான் என்று அட்டவணை சொன்னது என்று வைத்துக்கொள்வோம். பயணிகளும் எரிபொருளும் இல்லாமல், விமானி, பணிப்பெண் எல்லோரும் சேர்த்து விமானத்தின் எடை 13,700. மிச்சம் 7,700. எரிபொருள், ஆட்கள், பெட்டிகள் மூன்றும் இந்த 7,700-க்குள் அடங்க வேண்டும்.

முதலில் எரிபொருள். போய்ச் சேர 600 கிலோ. எதிர்பாராத செலவுக்கு 40. இறங்க முடியாவிட்டால் வேறு விமான நிலையத்துக்குப் போக வேண்டுமே, அதற்கு ஒன்று. பக்கத்து ஊரிலும் அதே மேகம் என்பதால் தூரத்து ஊரைக் குறித்திருப்பார்கள், 400. அங்கே போயும் அரை மணி நேரம் சுற்ற முடிகிற அளவு கடைசிக் கையிருப்பு, 280. இடிமழை நகரும்வரை வானிலேயே 20 நிமிஷம் காத்திருக்கலாம் என்று கேப்டன் கூடுதலாகக் கேட்டது 200. மொத்தம் 1,520.

7,700-ல் 1,520 போனால் 6,180. பெரியவர் ஒருவருக்குச் சராசரி 84 கிலோ என்று வைத்தால் 66 பேருக்கு 5,544. பெட்டிகளுக்கு மிச்சம் 636 கிலோ. ஆளுக்கு ஒரு பெட்டி, ஒன்று 13 கிலோ என்றால் 858. ஆக 222 கிலோ அதிகம். பதினேழு பெட்டி இறக்கினால் 221, ஒரு கிலோ இடிக்கிறது. பதினெட்டாவதும் இறங்கும்.

வழிப்போக்கன்
அடேயப்பா, சரியாகப் பதினெட்டு!

லோடுஷீட்
நீங்கள் 18 என்று சொன்னதற்காக நான் எண்களை அப்படி வைத்தேன் சார், மந்திரமெல்லாம் இல்லை. அளவு இந்த மாதிரிதான் இருக்கும் என்பது மட்டும் உண்மை.

இப்போது காலைக் கணக்கைப் பாருங்கள். 24 டிகிரி, அட்டவணை 22,000 தருகிறது. 600 கிலோ கூடுதல். வானம் தெளிவு, மாற்று நிலையமாகப் பக்கத்து ஊரே போதும், 150 கிலோ எரிபொருள் மிச்சம். காத்திருப்புக்கான 200 தேவையே இல்லை. எல்லாம் சேர்த்து 950 கிலோ. அதே விமானம், அதே ரன்வே, எட்டு மணி நேர இடைவெளி. காலையில் 68 பேரையும் 68 பெட்டியையும் ஏற்றியபின்னும் கொஞ்சம் இடம் கிடந்திருக்கும்.

ஒற்றன்
கணக்கு அழகாகத்தான் இருக்கு. ஆனால் நான் ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பயணிகள் பெட்டிகளை வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டு, அட்டைப்பெட்டிகளாக நாலைந்து ஏற்றினார்கள். காசு கொடுத்த சரக்கு போகும், நம் துணிமணி போகாது. இதற்கு உங்கள் அட்டவணை என்ன சொல்லும்?

லோடுஷீட்
அட்டவணை ஒன்றும் சொல்லாது. மொத்தம் இவ்வளவு என்பதோடு அதன் வேலை முடிந்தது, அதற்குள் எது போக வேண்டும் என்பது நிறுவனத்தின் முடிவு. நான் வேலை பார்த்த இடத்தில் சரக்கை முதலில் இறக்குவோம், பிறகுதான் பெட்டி. மருந்து, ரத்தம், தபால் போன்றவற்றுக்கு விலக்கு இருந்தது. நீங்கள் பார்த்தது அதுவா, வேறா என்று இங்கிருந்து எனக்கு எப்படித் தெரியும்?

ஒற்றன்
தெரியாது என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி. எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

மாலைமேகம்
எரிபொருளைக் குறைத்துக்கொண்டு பெட்டியை ஏற்றியிருக்கலாமே? ஒரு மணி நேரப் பயணத்துக்கு 600 கிலோதான் செலவு என்கிறீர்கள், ஏற்றியது 1,520. பாதிக்கு மேல் சும்மா தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

லோடுஷீட்
அந்தச் "சும்மா"தான் இந்தத் தொழிலே. அரை மணி கடைசிக் கையிருப்பைத் தொட்டுக்கொண்டு இறங்கும் நிலை வந்தால் விமானி அவசரநிலை அறிவிக்க வேண்டும். மாற்று நிலையத்துக்கான எரிபொருள் இல்லாமல் இடிமழை முன்னறிவிப்புக்குள் போகவே முடியாது. அந்த இரண்டையும் யாரும் பேரம் பேச முடியாது. பேரம் பேச முடிவது கேப்டன் கேட்ட 200-ஐ மட்டும்தான். அதையும் நான் பேசியதில்லை. மேலே போய் உட்காரப் போவது அவர்.

21,400 என்ற எண்ணும் வெறுமனே மேலே எழும்புவதற்கானது இல்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு எஞ்சினும் நன்றாக இருந்தால் அதைவிட அதிக எடையோடு தாராளமாகக் கிளம்பிவிடும். ரன்வேயில் இனி நிறுத்த முடியாது என்ற வேகத்தைத் தொட்ட அந்த நொடியில் ஒரு எஞ்சின் நின்றுபோனால், மற்ற ஒன்றை மட்டும் வைத்து எழும்பி, முனையில் இருக்கும் குன்றையும் தாண்டி ஏற வேண்டும். அதற்கான எடைதான் 21,400. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பயணத்துக்கும், அந்த எஞ்சின் நிற்கும் என்று வைத்துத்தான் கணக்கு. "காலியாகத்தானே இருக்கு" என்று கவுண்டரில் சண்டை போடுகிறவர்களிடம் இதைச் சொல்ல நேரம் இருப்பதில்லை.

விசிறி
சரி அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கைப்பை 7 கிலோ பெட்டகம் சிறுசு என்பதால்தானே?

லோடுஷீட்
பெட்டகம் சிறுசு என்பதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. சக்கரம் வைத்த கைப்பெட்டி பலவும் அதில் நுழையாது. ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்குவது வேறு. மேலே 84 கிலோ என்று சொன்னேனே, அது ஐரோப்பிய விதியில் 30 இருக்கைக்கு மேற்பட்ட விமானங்களுக்கான சராசரி. அந்த 84-க்குள் ஆள், உடுப்பு, கைப்பை மூன்றும் அடக்கம். செக்-இன் பெட்டியைத் தராசில் வைக்கிறோம், அதன் எடை தாளில் ஏறுகிறது. கைப்பையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, ஆளோடு சேர்ந்து ஊகமாகப் போகிறது. ஆளுக்கு மூன்று கிலோ கூடுதலாகக் கைப்பையில் வந்தால் 66 பேருக்கு ஏறத்தாழ 200 கிலோ. அந்த 200 கிலோ விமானத்தில் இருக்கும், என் தாளில் இருக்காது. பெட்டி 16 கிலோ இருந்தால் எனக்குத் தெரியும், சமாளிப்பேன். கைப்பை 10 கிலோ இருந்தால் எனக்குத் தெரியவே தெரியாது.

பெட்டிகட்டி சார் ஜாக்கெட் பாக்கெட்டில் மூன்று கிலோ ஒளித்து வைப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

பெட்டிகட்டி
நான் ஒருத்தன் மூன்று கிலோவில் விமானம் விழுந்துவிடுமா அண்ணே! 😄

லோடுஷீட்
நீங்கள் ஒருத்தர் என்றால் விழாது. இந்த இழையை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று பாருங்கள்.

மேகலை
எடை பற்றிப் பேசுவதால் என் அனுபவம். அப்பாவை அழைத்துக்கொண்டு ஒரு தீவுக்கு 19 இருக்கை விமானத்தில் போனேன். செக்-இனில் பெட்டியோடு எங்களையும் தராசில் ஏறச் சொன்னார்கள்! அப்பாவுக்கு ஒரே கோபம், "நான் என்ன மூட்டையா?" என்று. அதோடு விட்டார்களா, நான் அப்பா பக்கத்தில் உட்கார முடியாது, முன்வரிசைக்குப் போங்கள் என்றார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, நான் பக்கத்தில் இருந்தால் அவருக்கு உதவியாக இருக்கும். எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. ஏடிஆரில் யாரையும் தராசில் ஏற்றியதில்லை, இங்கே மட்டும் ஏன்?

லோடுஷீட்
மேகலை அம்மா, சராசரி என்பது கூட்டத்தில்தான் வேலை செய்யும். எழுபது பேரில் பருமனானவரும் ஒல்லியானவரும் கலந்து 84-ஐ ஒட்டி வந்துவிடும். பத்தொன்பது பேரில் அப்படி வராது. ஒரு விளையாட்டுக் குழு ஏறினால் கணக்கே கவிழ்ந்துவிடும். அதனால்தான் அதே ஐரோப்பிய விதியில் 10 முதல் 19 இருக்கை வரை ஆணுக்கு 92, பெண்ணுக்கு 74 என்று பிரித்துக் கணக்கிடுவார்கள். 20-க்கு மேல் 88, 70. இருக்கை குறையக் குறைய ஊகத்தின் எண் ஏறுகிறது, பாருங்கள். இதற்கும் மேலே போய், ஊகமே வேண்டாம் என்று தராசில் ஏற்றுகிற நிறுவனங்களும் உண்டு. அப்பாவிடம் சொல்லுங்கள், அவரை மூட்டையாக நினைத்திருந்தால் சராசரி எடையைப் போட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

முன்வரிசைக்கு மாற்றியது வேறு விஷயம். எடை எவ்வளவு என்பது ஒன்று, அது எங்கே இருக்கிறது என்பது இன்னொன்று. சீசா விளையாடியிருப்பீர்களே, கனமானவர் நடுவை நோக்கி நகர்ந்து உட்காருவார் இல்லையா? விமானமும் இறக்கையின் மேல் நிற்கும் ஒரு சீசா பலகைதான். வால் பக்கம் கனம் கூடினால் மூக்கு தானாகத் தூக்கும், விமானி எவ்வளவு தள்ளினாலும் இறங்காது என்ற எல்லை ஒன்று உண்டு.

2003 ஜனவரி 8-ஆம் தேதி அமெரிக்காவின் சார்லட் நகரில் பீச் 1900 வகை விமானம் ஒன்று, 19 பயணிகள், இரண்டு விமானிகள், கிளம்பிய கையோடு மூக்குத் தூக்கி விழுந்தது. யாரும் பிழைக்கவில்லை. வாலில் உள்ள ஏற்ற இறக்கத் தகட்டின் கேபிளைப் பராமரிப்பில் தவறாக முறுக்கியிருந்தார்கள். மூக்கை இறக்கும் பக்கம் அது முழுதாக நகரவில்லை. அதோடு விமானம் வால்கனமாகவும் இருந்தது. தாளில் எல்லாம் எல்லைக்குள்தான் இருந்தது. தாளில் இருந்தது பழைய சராசரி, உள்ளே இருந்த மனிதர்களும் பெட்டிகளும் அதைவிடக் கனம். அதன்பிறகு அமெரிக்காவில் பயணிகளை நிஜமாகவே எடை போட்டுப் பார்த்து, சராசரியைத் தூக்கினார்கள்.

மேகலை
அய்யோ. அப்பாவிடம் இதைச் சொல்ல மாட்டேன். அடுத்த தடவை வரவே மாட்டார்.

மாலைமேகம்
அப்படியானால் ஏடிஆரில் காலி இருக்கைக்கு மாறி உட்காரக்கூடாதா? நான் எப்போதும் கதவு மூடியதும் ஜன்னலோரம் மாறிவிடுவேனே.

நீலக்குடை
முன்னாள் பணிப்பெண் இங்கே. அதே வரிசையில் மாறினால் யாருக்கும் ஒன்றுமில்லை. பின்னாலிருந்து முன்னால், முன்னாலிருந்து பின்னால் என்றால் எங்களிடம் கேட்டுவிட்டு மாறுங்கள். கிளம்பும் முன் நாங்கள் வரிசைவாரியாகத் தலை எண்ணி விமானிக்குக் கொடுப்போம். எண்ணியபின் நாலு பேர் ஜன்னல் தேடிப் பின்னால் போனால் நாங்கள் கொடுத்த தாள் பொய்யாகிவிடும். மேலே போனபின் சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் மாறிக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு பேர் நகர்வதைத் தாங்கும் அளவுக்கு எல்லையில் இடம் விட்டிருப்பார்கள்.

ஏடிஆரில் ஏறும்போது வாலுக்கு அடியில் ஒரு தடி முட்டுக்கொடுத்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பயணிகள் கதவு பின்னால். எல்லோரும் பின்னாலேயே ஏறி வழியில் நின்றுகொண்டு பையைத் திணிப்பார்கள். அந்த நேரத்தில் முன்பக்கச் சரக்கறை காலியாக இருந்தால் விமானம் வாலைத் தரையில் வைத்து உட்கார்ந்துவிடும். அதற்குத்தான் அந்த முட்டு. கிளம்பும் முன் அதை எடுத்தார்களா என்று தரை ஊழியர் சரிபார்ப்பார். அதனால்தான் நாங்கள் "முன்னால் போங்க, முன்னால் போங்க" என்று தொண்டை கிழியக் கத்துவோம். திமிர் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

விசிறி
அக்கா, ஏடிஆரில் ஏறும்போது வலது எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் விசிறி சுற்றாது. அதற்கு ஹோட்டல் மோடு என்று பெயர். விமானத்துக்குள் மின்சாரமும் ஏசியும் வேண்டும், ஏடிஆரில் தனியாகச் சின்ன எஞ்சின் கிடையாது, அதனால் வலது எஞ்சினையே புரொப்பெல்லர் பிரேக் போட்டு ஓடவிடுவார்கள். சரிதானே?

நீலக்குடை
இது நூற்றுக்கு நூறு சரி தம்பி. 👏 இடது பக்கம் பயணிகள் நடமாட்டம் என்பதால் இடது எஞ்சின் முழுதாக நின்றிருக்கும். ஆனால் "விசிறி நிற்கிறது, அதனால் பயமில்லை" என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சுற்றுகிற விசிறி கண்ணுக்குத் தெரியாது, காற்றுதான் தெரியும். பக்கத்து நிறுத்தத்தில் இன்னொரு விமானம் எஞ்சினைக் கிளப்பிக்கொண்டிருக்கலாம். டாஷ் 8-இல் முன்கதவு வழியாக இறங்கினால் விசிறி உங்களுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். படியிலிருந்து இறங்கிப் பின்பக்கம் திரும்பி ஒரு செல்ஃபி எடுக்கலாம் என்று நடந்தவரைக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். கூம்பு வைத்து வழி போட்டிருப்பார்கள், அதற்குள்ளேயே நடந்தால் போதும்.

இன்னொன்று, என் பெயருக்கே காரணமான விஷயம். மழையில் டெர்மினலிலிருந்து விமானம் வரை நடக்கும்போது நாங்களே குடை கொடுப்போம், பெரிய குடை. உங்கள் மடக்குக் குடையை விரிக்காதீர்கள். பக்கத்து விமானத்தின் காற்று ஒரு தரம் அடித்தால் குடை மல்லாந்து பறந்துவிடும், அது போய் எந்த எஞ்சினுக்குள் நுழையும் என்று தெரியாது. தொப்பி, துப்பட்டா, கையில் ஆடும் போர்டிங் பாஸ், எல்லாம் அப்படித்தான். ஒரு முறை ஒருவரின் போர்டிங் பாஸ் பறந்து, அதைத் துரத்திக்கொண்டு அவர் கூம்புக்கு வெளியே ஓடினார். காகிதம் போனால் போகட்டும் என்று விடுங்கள், உள்ளே உங்கள் பெயர் எங்களிடம் இருக்கிறது.

மேகலை
முழங்கால் வலியோடு அந்தப் படி ஏறுவது பற்றி யாராவது சொல்லுங்களேன். பெரிய விமானத்தில் குழாய் வழியாக நேராக உள்ளே போய்விடலாம்.

நீலக்குடை
ஏடிஆரின் கதவோடு சேர்ந்த படி குட்டைதான், அஞ்சாறு படி இருக்கும், ஆனால் செங்குத்து. கைப்பிடி மெலிசு. அப்பாவை முதலில் ஏறச் சொல்லி நீங்கள் பின்னால் வாருங்கள். முடியவே முடியாது என்றால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலியும், படி ஏற முடியாது என்ற குறிப்பும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இரண்டும் வேறு வேறு குறிப்பு. நாற்காலி என்று மட்டும் போட்டால் படிவரை தள்ளிவந்து, அங்கே எழுந்து ஏறுங்கள் என்பார்கள். எல்லாச் சின்ன நிலையத்திலும் தூக்கி வைக்கும் வண்டி இருக்காது, முன்கூட்டித் தெரிந்தால்தான் ஏற்பாடு செய்ய முடியும்.

ஒற்றன்
வானிலை பற்றி ஒன்று. எனக்கு நடந்தது: பனிமூட்டம் என்று என் ஏடிஆரை ரத்து செய்தார்கள். அதே நேரத்தில் 150 கிலோமீட்டர் தள்ளிப் பெரிய விமான நிலையத்தில் ஜெட்கள் இறங்கிக்கொண்டிருந்தன, அங்கேயும் பனிமூட்டம்தான். சின்ன விமானம் பனியைத் தாங்காதா?

லோடுஷீட்
விமானம் தாங்கும். தாங்காதது விமான நிலையம். பெரிய நிலையத்தில் இறங்குபாதைக்குக் கருவி வழிகாட்டி இருக்கும். சாதாரண வகையிலேயே 200 அடி உயரம் வரை இறங்கிவந்து, ரன்வேயில் 550 மீட்டர் தெரிந்தால் தரையிறங்கலாம். பல சின்ன நிலையங்களில் அது கிடையாது. திசையை மட்டும் சொல்லும் முறைகள்தான். அவற்றுக்கு நல்ல உயரத்திலேயே ரன்வே கண்ணில் பட வேண்டும், பார்வைத் தூரம் கிலோமீட்டர் கணக்கில் வேண்டும். அந்த 550 மீட்டர் தெரிந்திருந்தால், ஏடிஆரை அன்று பெரிய நிலையத்துக்கு அனுப்பியிருந்தால் ஜெட்டோடு ஜெட்டாக அதுவும் இறங்கியிருக்கும்.

புரொப்பெல்லருக்கே உரிய வானிலைத் தொல்லை என்று கேட்டால் பனி உறைவுதான். ஜெட் 35,000 அடியில் மேகத்துக்கு மேலே போய்விடும். ஏடிஆர் 25,000-ஐத் தாண்டாது, பெரும்பாலும் 17, 18 ஆயிரத்தில் மேகத்துக்குள்ளேயே போகும். இறக்கையின் முன்விளிம்பில் கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று பார்த்திருப்பீர்கள். பனி படிந்தால் அது காற்றடைத்து உப்பி உடைத்துத் தள்ளும். 1994 அக்டோபர் 31-இல் அமெரிக்காவின் ரோஸ்லானில் ஏடிஆர் 72 ஒன்று விழுந்து 68 பேர் இறந்தார்கள். காத்திருப்பு வட்டத்தில் பெரிய துளிகள் பட்டைக்குப் பின்னால் போய் உறைந்தன. அதன்பிறகு பட்டையை அகலமாக்கினார்கள், அந்த மாதிரி மேகத்தில் காத்திருக்கக்கூடாது என்று விதிகளும் மாறின.

மாலைமேகம்
அப்புறம் அந்தக் காத்திருப்பு 200 கிலோவும் சும்மா இல்லை என்கிறீர்கள்.

லோடுஷீட்
எங்கே காத்திருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும், ஆமாம்.

வழிப்போக்கன்
இவ்வளவையும் படித்தபின் கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி இருக்கிறது. பதினெட்டுப் பெட்டி வராது என்று கிளம்பும் முன்பே தெரியும்தானே? ஏன் ஏறும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை? என் பெட்டியில் அம்மாவின் மாத்திரைகள் இருந்தன. சொல்லியிருந்தால் கைப்பையில் எடுத்துக்கொண்டிருப்பேன்.

லோடுஷீட்
தெரியும். கடைசி முன்னறிவிப்பு வந்து, கேப்டன் எரிபொருள் எண்ணைச் சொன்னபின், கதவு மூட இருபது நிமிஷம் இருக்கும்போது தெரியும். எது இறங்கும் என்பது அதற்கும் பிறகு, வண்டியில் இன்னும் ஏற்றாமல் கிடப்பது எது என்பதைப் பொறுத்து. யாருடைய பெட்டி என்ற பட்டியல் விமானம் போனபின்தான் சேரும். சொல்லியிருக்கலாமா என்றால், சிலர் பெட்டி வராது என்று பொதுவாகவாவது அறிவித்திருக்கலாம். நாங்கள் அறிவித்ததில்லை. அறிவித்தால் 66 பேரும் இறங்கி வந்து கவுண்டரில் நிற்பார்கள் என்ற பயம்.

ஒற்றன்
அந்தப் பயத்துக்கு நாங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

நீலக்குடை
அதில் நான் ஒற்றன் பக்கம். பல தடவை எனக்குத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி நின்றிருக்கிறேன்.

வழிப்போக்கன், மாத்திரை, சாவி, கண்ணாடி எல்லாவற்றையும் கைப்பையிலும் போடாமல் தோளில் தொங்கும் சின்னப் பையில் வையுங்கள். கைப்பையை உங்களிடமிருந்து வாங்கி உள்ளே போட்டார்களே, அதுவும் இறக்கப்படும் வரிசையில்தான் நிற்கும்.

வழிப்போக்கன்
அதுவும் வரவில்லை மேடம், அதைத்தான் முதல் பதிவில் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டும் மறுநாள் காலை விமானத்தில் வந்தன. திரும்பும் பயணம் அடுத்த வியாழன், பிற்பகல் நாலு மணி விமானம். காலை ஆறரைக்கும் ஒன்று இருக்கிறது. மாற்றிக்கொள்ளட்டுமா?

லோடுஷீட்
நானாக இருந்தால் ஆறரைக்குப் போவேன். பனிமூட்டக் காலமாக இல்லாமல் இருந்தால்.